முடியாது என்று மரியாதையாகத்தான் எழுதினேன்

‘ஒத்துழைக்கும் மனப்பான்மை குறைவு.’ ஆண்டு மதிப்பீட்டுப் படிவத்தில் என் பெயருக்கு எதிரே இப்படித்தான் எழுதியிருந்தது. கணக்கில் பிழை இல்லை, வரி கட்டுவதில் தாமதம் இல்லை, ஆடிட்டர் கேட்ட தாள் எதுவும் இல்லாமல் போனதில்லை. அதைப் பற்றியெல்லாம் ஒரு சொல் கிடையாது. நான் அனுப்பிய ஒரு மெயில் மட்டும் அவர்கள் நினைவில் தங்கியிருக்கிறது.

கோவையில் ஒரு நடுத்தரத் தொழிற்சாலை. சுமார் 120 பேர் வேலை செய்கிறார்கள். கணக்குப் பிரிவில் நான். சம்பளப் பட்டியல் போட்டுக்கொண்டிருந்த அண்ணன் 2023 ஆகஸ்டில் வேலையை விட்டுப் போனார். அவருக்கு மாதம் 22,000 ரூபாய் சம்பளம். அந்த இடத்துக்கு ஆள் தேடவில்லை. மாலை கிளம்புகிற நேரத்தில் மேனேஜர் என் மேசைப் பக்கம் வந்தார். “சம்பள வேலையையும் நீங்களே கொஞ்சம் பாத்துக்கோங்கம்மா. உங்களுக்குத் தெரியாததா?” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கொஞ்சமாம்! வருகைப் பதிவு இயந்திரத்திலிருந்து 120 பேரின் நாட்களை எடுக்க வேண்டும். ஓவர்டைம் பார்க்க வேண்டும். விடுப்பையும் முன்பணத்தையும் கழிக்க வேண்டும். 7-ம் தேதிக்குள் சம்பளம் போக வேண்டும். பிறகு பி.எஃப். கோப்பு. புதிதாகச் சேர்ந்தவரின் ஆதார் இணையவில்லை என்றால் அவருக்குப் பணம் கட்ட முடியாது. ஆளைத் தேடிப் பிடித்துச் சரிசெய்ய வேண்டும். 15-ம் தேதிக்குள் பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டும் கட்டி முடிக்க வேண்டும். இது ஒரு முழு ஆளின் வேலை. அதனால்தானே சார் இத்தனை வருடம் அதற்கென்று ஓர் ஆளை வைத்திருந்தீர்கள்?

மறுநாள் காலை மெயில் அனுப்பினேன். அலுவலக வழக்கப்படி ஆங்கிலத்தில்தான். அதைத் தமிழில் அப்படியே இங்கே வைக்கிறேன். இதில் எந்த வரி மரியாதைக்குறைவு என்று படிப்பவர்களே சொல்லட்டும்.

“வணக்கம் சார். ஆகஸ்ட் மாதச் சம்பளப் பட்டியல், பி.எஃப்., இ.எஸ்.ஐ. வேலைகளையும் நான் பார்க்க வேண்டும் என்று நேற்று மாலை சொன்னீர்கள். செப்டம்பரில் இதை என்னால் ஏற்க இயலாது. 7-ம் தேதிக்குள் டி.டி.எஸ்., 11-க்குள் ஜி.எஸ்.டி.ஆர்.-1, 20-க்குள் 3பி, 30-க்குள் வரித் தணிக்கை ஆகியவை ஏற்கெனவே என் பொறுப்பில் உள்ளன. சம்பளத்தின் கெடுவும் பி.எஃப். கெடுவும் இவற்றின் நடுவில் விழுகின்றன. நானே செய்ய வேண்டும் என்பது முடிவானால், சப்ளையர் பில் பதிவையும் வங்கிக் கணக்குச் சரிபார்ப்பையும் செப்டம்பர் முழுவதும் வேறொருவருக்கு மாற்றித் தர வேண்டும். எது என்பதை ஆகஸ்ட் 30-க்குள் தெரிவித்தால் அதன்படி திட்டமிடுகிறேன். வேறு யார் இந்த வேலைக்கு வந்தாலும் மென்பொருளைக் காட்டிக்கொடுக்க ஒரு பிற்பகல் ஒதுக்குகிறேன். நன்றி.”

இதை எழுத ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. முதலில் ‘முயற்சி செய்கிறேன்’ என்றுதான் விரல் அடித்தது. அழித்தேன். எங்கள் அலுவலகத்தில் ‘முயற்சி செய்கிறேன்’ என்றால் சரி என்று அர்த்தம். அடுத்து, பிள்ளையின் பள்ளி, மாமியாரின் சர்க்கரை நோய் என்று வீட்டுக் காரணங்கள் வந்தன. அவற்றையும் எடுத்தேன். வீட்டுக் காரணம் சொன்னால் வீட்டுக்கே வழி சொல்வார்கள். ‘ஊர்ல இருந்து அம்மாவை வரச் சொல்லுங்களேன்’ என்பார்கள். தேதிகளுக்கு யாரும் அப்படி வழி சொல்ல முடியாது. ‘மன்னிக்கவும்’ என்ற சொல்லையும் வேண்டுமென்றேதான் விட்டேன். நான் என்ன தப்பு செய்தேன், மன்னிப்புக் கேட்க? ஆனால் வெறும் ‘முடியாது’ என்று நிறுத்தவில்லை. எதை எடுத்துக்கொண்டால் இதைச் செய்ய முடியும் என்று சொல்லி, முடிவை அவர் கையில்தான் கொடுத்தேன். இதற்கு மேல் எப்படிப் பணிவது?

பதில் ஒரே வரி. “பார்த்தேன். நேரில் பேசலாம்.” நேரில் பேசினால் எழுத்தில் எதுவும் நிற்காது என்பது இருவருக்கும் தெரியும். அறைக்குப் போனேன். “மெயில் எல்லாம் எதுக்கும்மா, நாம என்ன வெளியாளா, ஒரு குடும்பம் மாதிரி இருக்கோம்” என்றார். சம்பள உயர்வு கேட்டபோது மட்டும் இந்தக் குடும்பத்துக்குப் பட்ஜெட் இருந்தது. இடத்துக்குத் திரும்பிய கையோடு இன்னொரு மெயில் போட்டேன். “நாம் பேசியபடி, செப்டம்பர் சம்பள வேலை என் பொறுப்பில் இல்லை என்று புரிந்துகொள்கிறேன். மாறாக இருந்தால் தெரிவிக்கவும்.” அதற்குப் பதிலே வரவில்லை.

வேலையைப் பயிற்சிக்கு வந்த ஒரு பையன் தலையில் கட்டினார்கள். சொன்னபடி ஒரு பிற்பகல் அவனோடு உட்கார்ந்தேன். நல்ல பையன். ஆனால் பி.எஃப். கோப்பு பிழை காட்டித் திரும்பத் திரும்ப வந்தது. யாரிடம் கேட்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. நான் தணிக்கைத் தாள்களுக்குள் கிடந்தேன். 15-ம் தேதி வெள்ளிக்கிழமை தாண்டிவிட்டது. பணம் சனிக்கிழமைதான் போனது.

ஒரு நாள்தானே என்றார்கள். அந்த ஒரு நாளைக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். தொழிலாளியிடம் பிடித்த பி.எஃப். பங்கைக் கெடு தாண்டிக் கட்டினால் அதைச் செலவாகக் காட்ட முடியாது, நிறுவனத்தின் வருமானத்தோடு சேர்ந்துவிடும் என்று 2022 அக்டோபரிலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. எங்கள் 120 பேரிடமும் அந்த மாதம் பிடித்தது ஏறக்குறைய 1,90,000 ரூபாய். 25 சதவீத வரி என்றால் 47,500 ரூபாய். செஸ் தனி, தாமத வட்டி தனி. ஓர் ஆளின் 22,000 ரூபாயை மிச்சம் பிடிக்கப் போய், அவருடைய இரண்டு மாதச் சம்பளத்துக்கும் மேல் ஒரே நாளில் போனது. ஆடிட்டர் இதைக் குறித்தபோது, “கணக்குப் பிரிவுதானே பார்த்திருக்கணும்?” என்று என் பக்கம்தான் எல்லா முகமும் திரும்பியது. அந்த இரண்டு மெயில்களையும் பிரின்ட் எடுத்து வைத்தேன். ஒருவரும் பேசவில்லை. யாரும் வருத்தமும் தெரிவிக்கவில்லை.

பையனைத்தான் திட்டினார்கள். அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

அந்த மெயில் என்னைக் குற்றச்சாட்டிலிருந்து காப்பாற்றியது, உண்மை. மதிப்பீட்டிலிருந்து காப்பாற்றவில்லை. இரவு ஒன்பது மணி வரை உட்கார்ந்து, தலையாட்டிவிட்டு, பாதி வேலையைக் கோட்டை விடுகிறவர் ‘ஒத்துழைப்பவர்’. முடியாததை முன்கூட்டியே, தேதி போட்டு, மாற்று வழியோடு சொல்பவள் ‘ஒத்துழைக்காதவள்’. என் வேலையை எடைபோடத் தெரியாதவர்கள் என் குணத்தை எடைபோட்டிருக்கிறார்கள்.

படிவத்தில் ‘ஊழியரின் கருத்து’ என்று ஒரு கட்டம் உண்டு. எல்லோரும் ‘இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். நான் அதில் இரண்டு மெயில்களின் தேதியையும், கெடு தவறிய தேதியையும், 47,500 என்ற எண்ணையும் எழுதிக் கொடுத்தேன். சார், அதைப் படித்த பிறகும் என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள். ஆனால் அந்த நாற்காலி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. முதலில் அதற்கு ஓர் ஆளை எடுங்கள்.