பத்திரம் இருக்கிறது, தீர்மானம் இருக்கிறது, கணக்குதான் இல்லை

எங்கள் ஊர்ப் பெண் பிள்ளைகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட ஐந்து பேர் சேர்ந்து ஓர் அறக்கட்டளை தொடங்கினோம். சார் பதிவாளர் அலுவலகத்தில் முறைப்படி பதிந்தோம், பானும் வாங்கினோம். இனி அதன் பேரில் ஒரு வங்கிக் கணக்கு வேண்டும். வங்கியிடம் கடனா கேட்கிறோம்? எங்கள் பணத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்றுதானே கேட்கிறோம்! அதற்கு ஏன் இத்தனை நடை?

கிளை மேலாளருக்கு நான் கொடுத்த கடிதம் ஒரே பக்கம். பதிவு செய்த அறக்கட்டளைப் பத்திரத்தின் சான்றிட்ட நகல், அறங்காவலர் கூட்டத் தீர்மானத்தின் நகல், அறக்கட்டளையின் பான், ஐந்து அறங்காவலர்களின் ஆதார், பான், புகைப்படம் என்று இணைப்புகளை அடியில் வரிசையாக எழுதியிருந்தேன். ரிசர்வ் வங்கியின் கேஒய்சி நெறிமுறை பதிவு பெற்ற அறக்கட்டளைக்குக் கேட்பதும் ஏறத்தாழ இவ்வளவுதான்: பதிவுச் சான்று, பத்திரம், பான், நிறுவியவர் யார், அறங்காவலர் யார், பயனாளி யார், அலுவலக முகவரி எது என்ற விவரம். அதிகாரி காகிதங்களைப் புரட்டினார். "விட்டுட்டுப் போங்க சார், பார்த்துச் சொல்றோம்" என்றார். எது குறைகிறது என்று அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒவ்வொரு முறை போகும்போதும் ஒவ்வொன்றாகத்தான் வெளியே வந்தது.

முதலில் தீர்மானத்தில் கை வைத்தார்கள். கணக்கை நிர்வாக அறங்காவலரும், செயலாளர் அல்லது பொருளாளரில் ஒருவரும் சேர்ந்து கையெழுத்திட்டு இயக்க வேண்டும் என்று எங்கள் பத்திரம் தெளிவாகச் சொல்கிறது. தீர்மானத்தையும் அப்படியே எழுதியிருந்தோம். கூட்டம் நடந்த தேதி, இடம், வந்திருந்தவர்கள், எந்தக் கிளையில் என்ன கணக்கு, யார் யார் கையெழுத்து, பத்திரத்தின் எந்தப் பிரிவின்படி என எல்லாம் அதில் உண்டு. அடியில் ஐந்து பேரின் கையெழுத்து. "இது செல்லாது சார், எங்க ஃபார்மட்லதான் வேணும்" என்று ஓர் அச்சிட்ட தாளை நீட்டினார்கள். வாங்கிப் பார்த்தால் அது கம்பெனிக்கு உரிய தாள்! இயக்குநர் குழு கூடியதாம், கம்பெனிகள் சட்டப்படி தீர்மானித்ததாம், இயக்குநர்களில் எவரும் தனித்துக் கணக்கை இயக்கலாமாம். 'இயக்குநர்' என்பதை அடித்துவிட்டு 'அறங்காவலர்' என்று பேனாவால் எழுதிக் கொடுங்கள், போதும் என்றார்கள்.

தனித்து இயக்கலாம் என்ற வரி பத்திரத்துக்கு நேர் விரோதம் என்று சொல்லிப் பார்த்தேன். "அதெல்லாம் பிரச்சினை இல்லை, எல்லாரும் இப்படித்தான் தர்றாங்க" என்றார்கள். தந்தோம். காகிதங்கள் ஸ்கேன் ஆகி, கணக்குத் திறக்கும் மைய அலுவலகத்துக்குப் போய்த் திரும்பி வந்தன. காரணம், பத்திரமும் தீர்மானமும் ஒத்துப்போகவில்லையாம்!

மைய அலுவலகம் சொன்னது சரி என்பதுதான் வயிற்றெரிச்சல். பல அறங்காவலர் இருந்தால் எல்லாரும் சேர்ந்தே செயல்பட வேண்டும், பத்திரம் வேறு வழி சொல்லியிருந்தால் மட்டுமே விலக்கு என்கிறது 1882ஆம் ஆண்டு இந்திய அறக்கட்டளைச் சட்டத்தின் 48ஆம் பிரிவு. அந்தச் சட்டம் நேரடியாகத் தனியார் அறக்கட்டளைகளுக்கு உரியதுதான் என்றாலும், இந்த நெறியைப் பொது அறக்கட்டளைக்கும் பொதுவாகக் கடைப்பிடிக்கிறார்கள். ஆகவே கணக்கில் ஒருவரோ இருவரோ கையெழுத்திடும் அதிகாரம் பத்திரத்திலிருந்துதான் வர வேண்டும். அதை இன்னார் இன்னார் என்று பெயர் சொல்லி நிரப்புவதுதான் தீர்மானத்தின் வேலை. பத்திரம் தராத அதிகாரத்தைத் தீர்மானம் தர முடியாது. பத்திரம் இதைப் பற்றி வாய் திறக்கவில்லை என்றால் ஐந்து பேரும் ஒவ்வொரு காசோலையிலும் கையெழுத்துப் போட வேண்டிவரும், இல்லாவிட்டால் திருத்தப் பத்திரம் எழுதிப் பதிய வேண்டும். புதிதாகப் பத்திரம் எழுதுகிறவர்கள் வங்கிக் கணக்குக்கென்று ஒரு பிரிவைத் தனியாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எங்களிடம் அந்தப் பிரிவு இருந்தது. இருந்தும் அதற்கு எதிராக எழுதச் சொன்னது கிளை, எதிராக இருக்கிறது என்று திருப்பியது மையம். நடுவில் மறுபடி கூட்டம் போட்டு, மூட்டு வலியோடு இருக்கும் பெரியவரை மறுபடி கையெழுத்துக்கு அழைத்து வந்தது நாங்கள்.

அடுத்து பயனாளிகளின் பெயர்ப் பட்டியல். "பயனாளி யார் சார்? ஆதார் கொண்டு வாங்க." ஊரில் படிக்கும் ஏழைப் பெண் பிள்ளைகள் என்றேன். பெயர் இல்லாமல் கணினி அடுத்த பக்கத்துக்குப் போகாதாம். பொது அறக்கட்டளையில் பயனாளி என்பது ஒரு பிரிவினர், இன்னார் என்று பெயர் குறித்த ஆட்கள் இல்லை. இந்த ஆண்டு படிக்கிற பிள்ளை வேறு, ஐந்து வருஷம் கழித்துப் படிக்கப் போகிற பிள்ளை வேறு. உண்மையான உரிமையாளரை அடையாளம் காணச் சொல்லும் விதிகூட 10 சதவீதமும் அதற்கு மேலும் பங்குள்ள பயனாளியைத்தான் தேடச் சொல்கிறது. எங்களிடம் யாருக்கும் பங்கு என்று ஒன்றே கிடையாது. பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் ஆதாரை வாங்கி அந்தக் கட்டத்தை நிரப்பிவிடுங்கள் என்று ஒருவர் யோசனை சொன்னார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு குழந்தையை எங்கள் சொத்துக்கு உரிமையாளர் என்று பொய்யாகக் காட்டவா அறக்கட்டளை வைத்தோம்?

பயனாளி ஒரு பிரிவினர்தான் என்று எழுதிக் கொடுத்து அதையும் தாண்டிய பிறகு தர்பன் எண் கேட்டார்கள். நிதி ஆயோக்கின் தர்பன் இணையதளத்தில் தொண்டு அமைப்புகளின் விவரம் இருக்க வேண்டும் என்பது 2023இல் வந்த விதி. நல்ல விதிதான். ஆனால் வாடிக்கையாளரின் விவரம் அங்கே இல்லையென்றால் வங்கியே பதிய வேண்டும் என்பதும் அதே விதியில் இருக்கிறது. அதைச் சொன்னபோது எதிரே இருந்தவருக்கு அது புதுச் செய்தி. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. நகைக் கடன் வரிசையையும் பாஸ்புக் வரிசையையும் ஒற்றை ஆளாகச் சமாளிக்கிற பையன் அவன். அவனுக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை.

கடைசியில் சொன்னதுதான் முதலில் சொல்லியிருக்க வேண்டியது. வருமான வரி விலக்குப் பதிவு இல்லாத அறக்கட்டளைக்குச் சேமிப்புக் கணக்கு தர முடியாது, நடப்புக் கணக்குதான் என்றார்கள். நடப்புக் கணக்கில் வட்டி கிடையாது, குறைந்தபட்ச இருப்பும் அதிகம். எங்களைப் போன்ற சின்ன அமைப்புக்கு அந்த இருப்பே ஒரு பிள்ளையின் கட்டணம். பத்திரமும் பானும் கையில் இருந்த அன்றைக்கே தற்காலிகப் பதிவுக்கு இணையத்தில் விண்ணப்பித்திருக்கலாம். முதல் நாளே ஒரு வாய் வார்த்தை சொல்லியிருந்தால், தீர்மானத்தைத் திருத்திக்கொண்டிருந்த காலத்தில் அதுவும் வந்திருக்கும்.

இதற்கிடையில் பணம் தருகிறேன் என்றவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். "அண்ணே, உங்க சொந்தக் கணக்குல போட்டுடவா?" என்கிறார்கள். கூடாது. பொதுப் பணம் ஒரு நாள் என் கணக்கில் கிடந்தாலும் நாளைக்கு யாருக்கும் கணக்குக் காட்ட முடியாது. கல்லூரியோ கட்டணத்துக்குக் கடைசித் தேதி போட்டிருக்கிறது, வங்கியின் வேகத்துக்காக அது நகராது.

நான் கேட்பது பெரிய சலுகை எதுவும் இல்லை. அறக்கட்டளைக்கென்று ஒரு பக்கப் பட்டியல் ஒவ்வொரு கிளையிலும் இருக்கட்டும். கம்பெனித் தாளை நீட்டாமல் அறங்காவலர் தீர்மானத்துக்குத் தனி மாதிரி ஒன்று வையுங்கள், கையெழுத்து விஷயத்தில் பத்திரப் பிரிவின் எண்ணை எழுத அதில் ஓர் இடம் விடுங்கள். பயனாளிக் கட்டத்தில் 'பொதுமக்களில் ஒரு பிரிவினர்' என்று தேர்ந்தெடுக்க வழி செய்யுங்கள். திருப்பி அனுப்புவதென்றால் எல்லாக் குறைகளையும் ஒரே தாளில், எந்த விதிப்படி என்று எழுதி, கையெழுத்தும் தேதியும் போட்டுக் கொடுங்கள்.