காதை நம்பாதேங்கோ, தடயத்தைப் பாருங்கோ

2025 யூன் மாதம் ஸ்பொட்டிஃபையில் 'தி வெல்வெட் சண்டவுன்' என்று ஒரு ரொக் இசைக்குழு முளைத்தது. எழுபதுகளின் வாசம் அடிக்கிற கிட்டார், கொஞ்சம் சோகமான ஆண்குரல், நாலு பேர் நிற்கிற படம். யூன் 5ஆம் திகதி ஒரு அல்பம், 20ஆம் திகதி இன்னொன்று, யூலை 14இல் மூன்றாவது. மூன்றாவது வர முதலே மாதாந்தக் கேட்போர் பத்து இலட்சத்தைத் தாண்டியிருந்தார்கள். யூலை முதல் வாரத்தில் குழுவின் அறிமுகக் குறிப்பு சத்தமில்லாமல் மாறியது. பாட்டு, குரல், படம் எல்லாமே செயற்கை நுண்ணறிவின் துணையோடு செய்தவை என்று அதிலேயே எழுதியிருந்தது. படத்தில் நின்ற நாலு பேரும் உலகத்திலேயே இல்லாத ஆக்கள்.

பத்து இலட்சம் பேரும் இந்தப் பெயரைத் தேடிப் போய்க் கேட்டவர்களா? இல்லை. பாட்டுத்தான் அவர்களைத் தேடி வந்தது. யார் யாரோ நடத்துகிற பிளேலிஸ்ட்டுகளில், உதாரணத்துக்கு வியட்நாம் போர்க்காலப் பாட்டுகள் என்ற மாதிரியான தொகுப்புகளில், உண்மையான அறுபதுகளின் பாட்டுகளுக்கு நடுவில் இவற்றைச் செருகியிருந்தார்கள். பரிந்துரைக்கிற கணினிக்கு இசை பற்றிய ரசனை கிடையாது. எந்தப் பாட்டும் எந்தப் பாட்டும் ஒரே பட்டியலில் இருக்கின்றன, எதைக் கேட்டவர்கள் அடுத்து எதைக் கேட்டார்கள் என்பதைத்தான் அது பெரும்பாலும் பார்க்கும். பழைய ரொக் கேட்கிறவர் ஒருவர், பின்னணியில் ஓடட்டும் எண்டு விட்டுவிட்டுப் படித்துக்கொண்டிருப்பார். இந்தப் பாட்டும் சேர்ந்து ஓடும். அவர் தள்ளிவிடவில்லை என்றால், 'பிடிச்சிருக்கு' என்று கணினி எழுதிக்கொள்ளும். அடுத்த வாரம் அவருடைய பரிந்துரைப் பட்டியலிலும், அவரைப்போலக் கேட்கிற மற்றவர்களின் பட்டியலிலும் அது வந்து நிற்கும்.

'கேட்டாலே தெரியும்' எண்டு கனபேர் சொல்லுவினம். தெரியாது. 2025 நவம்பரில் டீசர் என்ற பிரெஞ்சு இசைத்தளம் எட்டு நாடுகளில் 9,000 பேரிடம் எடுத்த கணக்கெடுப்பின் முடிவை வெளியிட்டது. முழுக்க இயந்திரம் செய்த பாட்டையும் மனிதர் செய்ததையும் 97 வீதமானவர்களால் பிரித்தறிய முடியவில்லை. காதுக்குச் சில குறிகள் கிடைக்கும்தான். 'ஸ', 'ஷ' ஒலிகளில் ஒரு உலோகக் கீச்சு, சிம்பலின் அடி தெளிவாக விழாமல் மணல் கொட்டுற மாதிரி இரைவது, பாடகர் எங்கேயும் மூச்சு வாங்காதது. ஆனால் மலிவான இயர்ஃபோனில், குறைந்த டேட்டாவில் கேட்டால் நல்ல மனிதப் பாட்டும் அப்படித்தான் இரையும். அடுத்த பதிப்பு மென்பொருள் வந்தால் அந்தக் குறிகளும் போய்விடும். காதை மட்டும் வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்ல ஏலாது.

ஆகவே, பாட்டைச் சுற்றியுள்ள தடயத்தைத்தான் பார்க்கவேண்டும் என்று நாங்கள் சொல்கிறோம். வெல்வெட் சண்டவுனையே எடுத்துப் பாருங்கோ. முதலில் திகதி: ஒன்றரை மாதத்துக்குள் மூன்று முழு அல்பம். ஒரு அல்பத்துக்கு ஒத்திகை, பதிவு, கலவை என்று ஒரு குழுவுக்கு எத்தனை மாதம் போகும் என்பது, பாடசாலையில் ஒரு பாண்ட் வைத்திருந்தவருக்கே தெரியும். அடுத்தது ஆக்கள்: அறிமுகக் குறிப்பில் நாலு பேருடைய பெயர் இருந்தது. அந்தப் பெயர்களைத் தேடினால் பழைய குழு, பேட்டி, மேடைக் காணொளி, தெரிந்த நண்பர் எதுவுமே இல்லை. பத்து இலட்சம் பேர் கேட்கிற குழுவுக்கு ஒரு கச்சேரி கூடக் கிடையாது. மூன்றாவது படம்: இன்ஸ்டகிராம் கணக்கு பாட்டுக்குப் பிறகுதான் திறந்தது, அதில் இருந்தவை மெழுகுபோல வழுவழுத்த முகங்கள். இந்த மூன்றையும் பார்க்க ஐந்து நிமிசம் காணும்.

ஒன்றைக் கவனிக்கவேண்டும். இவற்றில் ஒன்று மட்டும் இருந்தால் அது சாட்சி இல்லை. எங்கட ஊரில் அறைக்குள் இருந்து லப்டொப்பில் இசையமைக்கிற பெடியன் ஒருவனுக்கும் மேடைக் காணொளி இருக்காது. காசில்லாததால் அட்டைப்படத்தை மட்டும் இயந்திரத்தில் செய்த பெட்டையின் பாட்டு அவளுடைய சொந்தப் பாட்டாகவே இருக்கலாம். அவர்களை 'ஏஐ' எண்டு கொமெண்டில் அடிக்கிறது பெரிய அநியாயம். திகதி, ஆக்கள், படம் மூன்றும் சேர்ந்து பிழைத்தால்தான் சந்தேகம் நியாயமானது.

இயந்திரத்தைத் தொட்டாலே பாவம் என்பதும் எங்கள் வாதம் இல்லை. 2024இல் 'லால் சலாம்' படத்துக்காக ஏ. ஆர். ரஹ்மான், காலமான பம்பா பாக்கியா, சாகுல் ஹமீது இருவரின் குரலையும் செயற்கை நுண்ணறிவால் மீட்டெடுத்தார். குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, பணமும் கொடுத்து, அதை வெளியிலும் சொன்னார். அது சரியா பிழையா என்று விவாதிக்கலாம், ஏனென்றால் எங்களுக்குச் சொல்லப்பட்டது. சொல்லாமல் காதுக்குள் ஊத்துவதைத்தான் எதிர்க்கிறோம்.

காசும் இதில் இருக்கிறது. ஸ்பொட்டிஃபையில் ஒரு பாட்டு 30 செக்கன் ஓடினால் அது ஒரு கேட்பாகக் கணக்காகும். உரிமைப்பணம் ஒரு பொதுக் குளத்திலிருந்து கேட்புகளின் பங்குக்கு ஏற்பப் பிரியும். இல்லாத குழுவுக்குப் போகிற ஒவ்வொரு பங்கும் இருக்கிற ஒரு கலைஞரின் பங்கிலிருந்துதான் குறைகிறது. அதனால் சந்தேகம் வந்தால் 30 செக்கனுக்கு முதலே தள்ளிவிடுங்கோ.

தள்ளுவது மட்டும் காணாது. ஸ்பொட்டிஃபை செயலியில் அந்தக் கலைஞர் பக்கத்தின் மூன்று புள்ளியை அழுத்தி `Don't play this artist` என்பதைக் கொடுங்கள். பின்னணிக்கு ஓடவிட்ட பிளேலிஸ்ட் என்றால் அதே மூன்று புள்ளியில் `Exclude from your taste profile` இருக்கும். அதைக் கொடுத்தால் அங்கே ஓடியவை உங்கள் ரசனையாகப் பெரிதாகப் பதியாது. யூடியூப்பில் `Don't recommend channel`. அதோடு பார்வை வரலாற்றிலிருந்தும் அந்தக் காணொளியை அழிக்கவேண்டும், இல்லையென்றால் அதே சாயலில் இன்னொன்று வரும்.

ஆனால் இந்தத் தடை ஒரு பெயருக்குத்தான். அதே ஆள் நாளைக்கு வேறு பெயரில் வருவார். ஆகவே வாசலைத்தான் பூட்டவேண்டும். `Autoplay`ஐ நிறுத்துங்கள். யார் நடத்துகிறார் என்று தெரியாத 'மூட்' பிளேலிஸ்ட்டுகளை விட்டுவிட்டு, அல்பமாக, அல்லது ரசனை தெரிந்த நண்பர் தொகுத்த பட்டியலாகக் கேளுங்கள்.

இவ்வளவு வேலையையும் கேட்கிறவர் தலையில் கட்டுவது நியாயமா? இல்லை. டீசருக்கு 2025 தை மாதம் ஒரு நாளைக்குப் பத்தாயிரம் முழு இயந்திரப் பாட்டுகள் வந்தன. நவம்பரில் அது ஐம்பதாயிரம். அந்தத் தளம் அவற்றைத் தானாகவே கண்டுபிடித்து, அடையாளம் ஒட்டி, பரிந்துரையிலிருந்து எடுத்துவிடுகிறது. வெல்வெட் சண்டவுனின் அல்பங்களிலும் அந்த அடையாளம் ஒட்டப்பட்டது. ஒரு தளத்தால் ஏலுமென்றால் மற்றத் தளங்களாலும் ஏலும். பாட்டின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அடையாளம், அமைப்புகளில் 'இவை எனக்கு வேண்டாம்' என்று ஒரு பொத்தான். நாங்கள் கேட்பது அவ்வளவுதான். அது வரும்வரை அந்த ஐந்து நிமிசத் தேடலை நாங்களே செய்வோம்.