டி.எம்.சி.யை லிட்டராக்கும் வித்தை

மேட்டூர் அணை நிரம்பியது என்ற செய்தி வந்தாலே இப்போது கூடவே ஒரு பெட்டிச் செய்தியும் வந்துவிடுகிறது. "அணையில் எத்தனை லிட்டர் தெரியுமா?" என்று கேட்டு, ரயில் பெட்டி போல நீளமான ஒரு எண்ணைப் போடுகிறார்கள். பள்ளிபாளையத்தில் ஆற்றங்கரையில் குடியிருக்கும் நம் போன்றவர்களுக்கு அணைச் செய்தி பொழுதுபோக்கு அல்ல. எத்தனை கன அடி திறந்தார்கள், எப்போது இங்கே வரும், கரையோர வீடுகளில் சாமான்களை மேலே ஏற்ற வேண்டுமா என்று பார்த்துத்தான் படிக்கிறோம். அப்படிப்பட்ட செய்தியில் எண் தப்பாக இருந்தால் எனக்குக் கோபம் வருகிறது. என் கோபம் நியாயமா என்று படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

முதலில் டி.எம்.சி. என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். ஆயிரம் மில்லியன் கன அடி. நம் கணக்கில் நூறு கோடி கன அடி. சுருக்கமாக ஒரு பில்லியன் என்று சொல்லியிருக்கலாமே, ஏன் ஆயிரம் மில்லியன் என்று சுற்றி வளைத்தார்கள் என்று தோன்றும். அன்றைய பிரிட்டிஷ் வழக்கில் பில்லியன் என்றால் மில்லியன் மில்லியன், அதாவது லட்சம் கோடி. 1974-ல்தான் பிரிட்டிஷ் அரசாங்கம் அமெரிக்க வழக்குக்கு மாறி, பில்லியனை நூறு கோடி ஆக்கியது. நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரெஞ்சில் நூறு கோடிக்கு மில்லியார் என்று தனிச் சொல் உண்டு. பிய்யோன் என்றால் இன்றைக்கும் லட்சம் கோடிதான். ஆகவே பில்லியன் என்ற சொல்லைக் கண்டால் எந்த ஊர் பில்லியன் என்று கேட்காமல் நான் மேலே போவதில்லை. இந்தச் சந்தேகம் ஏன் தேவை என்பது பின்னால் தெரியும்.

இனி கணக்குக்கு வருவோம். ஒரு அடி என்பது 0.3048 மீட்டர். தோராயம் இல்லை, சர்வதேச ஒப்பந்தப்படி அவ்வளவேதான். ஆனால் நமக்கு வேண்டியது கன அடி. நீளம், அகலம், உயரம் மூன்றும் அடியில் இருப்பதால் 0.3048-ஐ மூன்று தடவை பெருக்க வேண்டும். முதல் பெருக்கலில் 0.0929 வரும், அது ஒரு சதுர அடி. அதை மறுபடி பெருக்கினால் 0.0283168 வரும், அது ஒரு கன அடி. அதாவது ஒரு கன அடித் தண்ணீர் 0.0283168 கன மீட்டர். ஒரு கன மீட்டருக்கு ஆயிரம் லிட்டர் என்பதால், அதுவே 28.3 லிட்டர்.

நூறு கோடி கன அடியை இதனால் பெருக்கினால் ஒரு டி.எம்.சி. 2.83168 கோடி கன மீட்டர். ஆயிரத்தால் பெருக்கினால் 2,831.68 கோடி லிட்டர். இந்த 2.83168 கோடி என்ற ஒரே எண்ணை மேசைக் கண்ணாடிக்கு அடியில் எழுதி வைத்துக்கொண்டால் போதும். மேட்டூர் அணை 120 அடியில் நிரம்பும்போது இருப்பு 93.47 டி.எம்.சி. இரண்டையும் பெருக்கினால் 264.68 கோடி கன மீட்டர். லிட்டரில் 2,64,680 கோடி, அதாவது சுமார் 2.65 லட்சம் கோடி லிட்டர். கணக்கு இவ்வளவுதான்.

இந்த எளிய கணக்கில் என்ன தப்பு வர முடியும் என்கிறீர்களா? நான் கண்ட இரண்டைச் சொல்கிறேன்.

முதலாவது, 0.3048-ஐ ஒரே தடவை பெருக்கிவிட்டு நிறுத்திக்கொள்வது. ஒரு தொலைக்காட்சியில் இந்தக் கணக்கைப் பார்த்தேன். அப்படிச் செய்தால் ஒரு டி.எம்.சி. 30.48 கோடி கன மீட்டர் ஆகிவிடும், உண்மையைப் போல பத்தே முக்கால் மடங்கு. மேட்டூர் இருப்பு 2,849 கோடி கன மீட்டர் என்று வரும். இதைக் கண்டுபிடிக்கப் பொறியாளர் வேண்டாம். நிரம்பிய மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பு 59.25 சதுர மைல், சுமார் 153 சதுர கிலோமீட்டர். ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் ஒரு மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் நின்றால் அது பத்து லட்சம் கன மீட்டர். 2,849 கோடியை அந்தப் பரப்பில் பரப்பிப் பாருங்கள். சராசரி ஆழம் 185 மீட்டர், அதாவது 600 அடிக்கு மேல் வரும். அணைக்கட்டின் உயரமே 214 அடிதான். அணைக்கு மேலே 400 அடி உயரத்தில் தண்ணீர் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்? சரியான கணக்கில் சராசரி ஆழம் 17 மீட்டர், சுமார் 56 அடி. கரைப்பக்கம் ஆழம் குறைந்தும் அணையருகே 120 அடியுமாக இருக்கும் நீர்த்தேக்கத்துக்கு அது பொருத்தமாக இருக்கிறது.

இரண்டாவது, கன மீட்டர் வரை சரியாக வந்துவிட்டு, எண்ணுக்குப் பின்னால் லிட்டர் என்று எழுதிவிடுவது. "மேட்டூரில் 264 கோடி லிட்டர்" என்று ஒரு நாளிதழில் வந்தது. ஆயிரத்தில் ஒரு பங்காகிவிட்டது அணை. இதைச் சோதிக்க நீர் திறப்பைப் பார்த்தால் போதும். 264 கோடி லிட்டர் என்பது ஒன்பது கோடி கன அடிக்குச் சற்று அதிகம். விநாடிக்கு 10,000 கன அடி திறந்தால் இரண்டரை மணி நேரத்தில் அணை காலி. காலையில் மதகைத் திறந்தால் மதியச் சாப்பாட்டுக்குள் தரை தெரிய வேண்டும். உண்மையில் ஒரு நாள் முழுக்க 10,000 கன அடி போனாலும் 0.864 டி.எம்.சி.தான் குறையும். ஒரு டி.எம்.சி. குறைய நாள் முழுக்க விநாடிக்கு 11,574 கன அடி போக வேண்டும். இருப்பும் திறப்பும் அதே செய்தியில் அடுத்தடுத்த வரியில் இருக்கின்றன. எழுதியவர் இரண்டையும் சேர்த்து ஒரு தடவை பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

கணக்கு சரியாக இருந்தாலும் எனக்கு இன்னொரு சண்டை இருக்கிறது. கைப்பேசியில் பெருக்கி, வந்த எண்ணை அப்படியே போடுகிறார்கள்: 26,46,77,56,50,954 லிட்டர். கடைசி 954 லிட்டரை யார் போய் அளந்து வந்தார்கள்? அணையில் தண்ணீரை யாரும் லிட்டராக அளப்பதில்லை. அளவுகோலில் நீர்மட்டத்தைப் பார்க்கிறார்கள், அந்த மட்டத்துக்கு எவ்வளவு கொள்ளளவு என்று அட்டவணையில் பார்த்து எழுதுகிறார்கள். மட்டத்தை அடியில் நூறில் ஒரு பங்கு வரை சொல்கிறார்கள். நிரம்பிய மேட்டூரில் அந்த நூறில் ஒரு பங்கு அடி மட்டுமே சுமார் 1.65 கோடி கன அடி, அதாவது 46 கோடி லிட்டருக்கு மேல். காற்று கொஞ்சம் பலமாக வீசினால் அலையே அதைவிட அதிகம் இருக்கும். ஆகவே அந்தப் பதின்மூன்று இலக்கத்தில் கடைசி ஒன்பதும் வெறும் அலங்காரம். போதாததற்கு, 1934-ல் திறந்த அணையில் எத்தனையோ வருடத்து வண்டல் படிந்திருக்கிறது, ஆனாலும் நிரம்பும்போதெல்லாம் அதே 93.47 தான் எழுதுகிறோம். 93.47 என்பது நான்கு இலக்கம். மாற்றி வரும் விடையிலும் நான்கு இலக்கத்துக்கு மேல் உரிமை இல்லை. 264.7 கோடி கன மீட்டர் என்று எழுதினால் அது நேர்மையான கணக்கு.

"ஐயா, விவசாயிக்கு டி.எம்.சி.யே பழக்கம், மாற்றுவதே எதற்கு?" என்று சில நண்பர்கள் கேட்பார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. டி.எம்.சி.யை எடுத்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை, முதலில் அதுவே இருக்கட்டும். ஆனால் மத்திய நீர்வள ஆணையம் வாராவாரம் வெளியிடும் அறிக்கையில் மேட்டூரின் கொள்ளளவு 2.647 பில்லியன் கன மீட்டர் என்றுதான் இருக்கும். கேரளத்து அணைகளின் இருப்பு மில்லியன் கன மீட்டரில் வருகிறது. இரண்டு மாநிலக் கணக்கை ஒப்பிட வேண்டியவன் மாற்றித்தான் ஆகவேண்டும். என் பழைய சந்தேகமும் இங்கேதான் உதவுகிறது. அந்த 2.647 பில்லியனை நம் தலைமுறை படித்த பில்லியனாக எடுத்துக்கொண்டால் 2.647 லட்சம் கோடி கன மீட்டர் ஆகிவிடும். ஆயிரம் மடங்கு! தமிழில் எழுதுபவர் பில்லியனைத் தொடவே வேண்டாம். 264.7 கோடி கன மீட்டர் என்றால் யாருக்கும் குழப்பம் இல்லை.

லிட்டர் விஷயத்தில் மட்டும் நண்பர்கள் பக்கம் சாய்கிறேன். லட்சம் கோடி லிட்டர் என்பது மலைக்க வைக்குமே தவிர எதையும் சொல்லாது. விவசாயிக்கு மாற்றிச் சொல்ல வேண்டுமென்றால் ஏக்கரில் சொல்லுங்கள். ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. ஒரு டி.எம்.சி. தண்ணீரை ஓர் அடி ஆழத்துக்கு நிறுத்தினால் ஏறக்குறைய 23,000 ஏக்கரில் நிற்கும். வழியில் ஆவியாவதும் மண் குடிப்பதும் இதில் கழியவில்லை என்றாலும், வயல் பார்த்தவனுக்கு இது கண்ணுக்குத் தெரியும் கணக்கு.

இவ்வளவு சின்ன விஷயத்துக்கு இவ்வளவு பேச்சா என்பவர்களுக்கு ஒன்று. காவிரி நடுவர் மன்றம் 2007-ல் புதுச்சேரிக்கு ஒதுக்கியது 7 டி.எம்.சி. அந்தத் தண்ணீர் போய்ச் சேரும் இடம் நான் பிறந்த காரைக்கால் கடைமடை. சரியாக மாற்றினால் 19.8 கோடி கன மீட்டர். அந்தத் தொலைக்காட்சிக் கணக்குப்படி மாற்றினால் 213 கோடி, கிட்டத்தட்ட மேட்டூர் அணையில் ஐந்தில் நான்கு பங்கு! "இத்தனையும் காரைக்காலுக்கா?" என்று மேலே இருப்பவன் கேட்க மாட்டானா? 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் பிலிகுண்டுலுவில் நமக்கு வரவேண்டிய பங்கை 192-லிருந்து 177.25 டி.எம்.சி. ஆக்கியது. குறைந்த 14.75-க்காக எத்தனை போராட்டம் நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு டி.எம்.சி.க்கும் அடித்துக்கொள்ளும் ஆற்றில், செய்திக்காரர் பத்து மடங்கும் ஆயிரம் மடங்கும் கைதவறிப் போடக் கூடாது.

நான் கேட்பது அதிகம் இல்லை. டி.எம்.சி.யை முதலில் எழுதட்டும். அடைப்புக்குறியில் கோடி கன மீட்டரில், நான்கு இலக்கத்தோடு எழுதட்டும். அச்சுக்குப் போகுமுன் நீர்ப்பரப்பால் வகுத்து அணை உயரத்துக்குள் வருகிறதா என்று ஒரு தடவை பார்க்கட்டும். அலுவலகத்தில் நாங்கள் முப்பது ரூபாய்ப் பட்டியலையே இரண்டு பேர் சரிபார்த்துக் கையெழுத்திட்டுத்தான் அனுப்புவோம். 264 கோடி கன மீட்டருக்கு ஒருவராவது பார்க்கக் கூடாதா?