நான்கு பக்கக் கடிதத்தில் நான்கு முடிவுகள்

கடந்த பெப்ரவரி மாதம் 24ஆம் திகதி பின்னேரம், எமது தோட்டத்துக் கொழுந்து எடுக்கும் அக்கா ஒருவர் ஒரு நீளமான கடித உறையுடன் பாடசாலை வாசலில் வந்து நின்றார். அவரது கணவர் 2024 ஆகஸ்ட் மாதம் மாரடைப்பால் காலமானவர். ஆயுள் காப்புறுதிப் பணம் கேட்டு விண்ணப்பித்து ஐந்து மாதங்களுக்கு மேலாகிவிட்டது. "இல்லேன்னு எழுதியிருக்காம் சேர். ஆபீஸ்ல கிளாக்கர் ஐயா படிச்சுப் பார்த்துட்டு சொன்னாரு. அந்தக் கடைசித் தாள்ல மட்டும் கையெழுத்து வச்சுக் குடுத்தா கட்டின காசாவது வருமாம்" என்றார்.

நல்ல வேளை, கையெழுத்து வைக்கவில்லை.

கடிதம் முழுவதும் ஆங்கிலம். நான்கு பக்கம். காப்புறுதியை விற்க வந்த முகவர் லயத்துத் திண்ணையில் உட்கார்ந்து நல்ல தமிழில்தான் பேசினார். 1,000 ரூபாய் நாட்சம்பளம் வந்த 2021 மார்ச் மாதத்தில், மாதம் 2,000 ரூபாய் கட்டினால் போதும், இரண்டு நாள் சம்பளம்தானே என்று தமிழில்தான் சொன்னார். இல்லை என்று சொல்லும்போது மட்டும் ஆங்கிலம் வருகிறது. இது பற்றி எமக்குக் கோபம் உண்டு. ஆனால் கோபத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு, அந்தக் கடிதத்தில் உண்மையில் என்ன இருந்தது என்பதையே இங்கு எழுதுகிறோம். ஏனெனில் "இல்லேன்னு எழுதியிருக்கு" என்று கிளாக்கர் ஐயா சொன்னது பாதிதான் சரி.

இப்படியான கடிதங்களில் பெரும்பகுதி முடிவு அல்ல. முதல் பக்கம் அனுதாபமும் பத்திர இலக்கங்களும். நடுவில் காப்புறுதிப் பத்திரத்திலிருந்து வரிக்கு வரி எடுத்துப் போட்ட நிபந்தனைகள். இவற்றுக்கிடையில் முடிவு சொல்லும் வரிகள் மூன்றோ நான்கோதான் இருக்கும். அவற்றைப் பிடிக்க நாம் ஒரு சிவப்புப் பேனையுடன் வினைச்சொற்களைத் தேடினோம். "நிராகரிக்கப்படுகிறது", "செலுத்த இயலாது", "இப்போதைக்குப் பரிசீலிக்க முடியாதுள்ளது", "வழங்க உடன்படுகிறோம்" என்ற பொருளில் வரும் வரிகளை மட்டும் கோடிட்டோம். ஆங்கிலத்தில் 'ரெபுடியேட்' என்ற சொல் வந்தால் அது பொறுப்பை முழுதாக மறுப்பது. 'பென்டிங்' என்று வந்தால் மறுப்பே அல்ல. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், அது எந்தப் பணத்தைப் பற்றியது, எவ்வளவு என்று எழுதினோம்.

கோடிட்டு முடிந்தபோது நான்கு முடிவுகள் இருந்தன. அக்காவுக்குப் படித்துக் காட்டுவதற்காக ஒரு கொப்பித் தாளில் இப்படி எழுதினோம்:

"ஆயுள் காப்புறுதித் தொகை 600,000 ரூபாய்: மறுத்துவிட்டார்கள். நீரிழிவு இருந்ததைச் சொல்லவில்லை என்பது காரணம். இதை எதிர்த்துக் கேட்கலாம்.
ஆஸ்பத்திரியில் தங்கிய 9 நாட்களுக்கு 13,500 ரூபாய்: மறுத்துவிட்டார்கள். பிந்தி விண்ணப்பித்தது காரணம். அவர்கள் சொல்வது சரி.
மரணச் செலவு 50,000 ரூபாய்: மறுக்கவில்லை. பெயர் வித்தியாசத்துக்குக் கடதாசி கேட்கிறார்கள்.
கட்டிய பணம் 82,000 ரூபாய்: தருவதாகச் சொல்கிறார்கள். கையெழுத்து வைத்தால் முதலாவதைக் கேட்க முடியாமல் போகலாம்.
கடைசி நாள்: ஏப்ரல் 4."

படித்துக் காட்டியதும் அக்கா கேட்ட முதல் கேள்வி, "அப்போ அம்பதாயிரம் இல்லேன்னு சொல்லலையா?" என்பதுதான். மூன்றாம் பக்கத்தில், அடிக்குறிப்பு மாதிரி இருந்த ஒரு பந்தியில் அது கிடந்தது. மரணச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறொரு பெயர். தோட்டத்தில் இது எத்தனை வீட்டுக் கதை என்று நமக்குத் தெரியும். பிறப்பைப் பதிந்தவர் ஒரு விதமாக எழுதுவார், செக்ரோலில் இன்னொரு விதமாக இருக்கும், அடையாள அட்டையில் தகப்பன் பெயர் முன்னுக்கு வந்துவிடும். இருவரும் ஒருவரே என்று சமாதான நீதவான் முன்னிலையில் ஒரு சத்தியக் கடதாசியும், கிராம உத்தியோகத்தரின் கடிதமும்தான் கேட்டிருந்தார்கள். மேன்முறையீடு எதுவும் தேவையில்லை.

ஆஸ்பத்திரிப் பணத்தை விட்டுவிடச் சொன்னோம். அவர் தங்கியது 2023 பெப்ரவரியில். 90 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்று பத்திரத்தில் தெளிவாக இருக்கிறது. விண்ணப்பித்தது அவர் இறந்த பிறகு. இதற்கும் சேர்த்து எழுதினால் பலமான கோரிக்கையோடு பலவீனமானதும் ஒட்டிக்கொண்டு போகும். கூட்டத்தில் ஒரு தோழர் இதை ஏற்கவில்லை, ஒரு சதமும் விடக்கூடாது என்றார். எமது கருத்து இன்னும் அதுவேதான்.

இனி 600,000 ரூபாய்க்கு வருவோம். மறுப்புக்கு ஒரு காரணம் மட்டும் போதாது. அந்தக் காரணத்துக்கு எதை ஆதாரமாக வைத்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். இரண்டாம் பக்கத்தின் நடுவில் அது இருந்தது. 2021 மார்ச்சில் நிரப்பிய முன்மொழிவுப் படிவத்தில் "நீரிழிவு உண்டா" என்ற கேள்விக்கு "இல்லை" என்று பதில். 2024 ஆகஸ்டில் ஆஸ்பத்திரி கொடுத்த நோய் நிர்ணய அட்டையில் "நீரிழிவு, 5 வருடம்" என்று எழுதப்பட்டிருக்கிறது. ஐந்து வருடம் பின்னோக்கிப் போனால் 2019. ஆகவே படிவம் நிரப்பும்போதே நோய் இருந்தது, மறைத்துவிட்டார் என்பது கம்பனியின் வாதம். முழு மறுப்பும் அட்டையில் உள்ள அந்த ஒரு வரியில்தான் நிற்கிறது.

அந்த ஐந்து வருடக் கணக்கை யார் சொன்னது? விசாரித்தோம். இரவு வார்டில் சேர்க்கும்போது டொக்டர் கேட்டாராம், மகன் "அஞ்சு வருஷம் இருக்கும்" என்றானாம். அந்த நேரத்தில் அந்தப் பிள்ளை என்ன நாட்காட்டியா பார்த்துக்கொண்டிருந்தான்? வார்டில் சேர்க்கும்போது உறவினர் வாயால் சொல்லும் கணக்குத்தான் பல தடவை அட்டையில் ஏறுகிறது. அது பரிசோதனை முடிவல்ல.

பெட்டகத்தில் இருந்த கிளினிக் கொப்பியை எடுத்து வரச் சொன்னோம். முதல் பக்கத்தில் 2022 யூன் 14ஆம் திகதி, சீனி அளவு, அதன் கீழ் "புதிதாகக் கண்டறியப்பட்டது" என்று டொக்டர் எழுதியிருக்கிறார். காப்புறுதி எடுத்து 15 மாதங்களுக்குப் பிறகு. இது இரத்தப் பரிசோதனை செய்தவர் அன்றைக்கே எழுதியது. மகன் வாயால் சொன்ன கணக்கைவிட இதற்குப் பெறுமதி கூட. தோட்ட வைத்திய உதவியாளரிடமும் 2022க்கு முன் நீரிழிவு மருந்து கொடுத்த பதிவு இல்லை என்று ஒரு கடிதம் வாங்கினோம்.

இன்னொன்றும் இருந்தது. காப்புறுதிப் பத்திரத்தின் நிபந்தனைகளில், இரண்டு வருடம் கடந்த பிறகு முன்மொழிவுப் படிவத்தில் உள்ள பிழையைக் காட்டி பத்திரத்தைக் கேள்விக்குட்படுத்த முடியாது, மோசடியாகச் செய்தது என்று நிரூபித்தால் ஒழிய, என்று ஒரு வாசகம். ஆயுள் காப்புறுதிப் பத்திரங்களில் இப்படியான வாசகம் பெரும்பாலும் உண்டு. இவர் இறந்தது மூன்று வருடம் ஐந்து மாதம் கழித்து. மறுப்புக் கடிதம் எத்தனையோ நிபந்தனைகளைப் படியெடுத்துப் போட்டிருக்கிறது, இதை மட்டும் போடவில்லை. அதனால்தான் கடிதத்தை மட்டும் படித்து முடிவுக்கு வரக்கூடாது, பத்திரத்தையும் பக்கத்தில் விரித்து வைக்க வேண்டும் என்கிறோம்.

கிளினிக் கொப்பியில் 2018 என்று இருந்திருந்தால் என்ன செய்திருப்போம்? அப்போது எமது கை பலவீனமாகியிருக்கும். படிவத்தை நிரப்பியது யாருடைய கையெழுத்து, அந்தக் கேள்வியை முகவர் வாசித்துக் கேட்டாரா என்று படிவத்தின் பிரதி கேட்டு அந்த வழியால் போயிருப்போம். நோய் தெரிந்தே மறைத்திருந்தால் அதைத் திருத்தப் புதுக் கடதாசி தயாரிக்க நாம் உதவ மாட்டோம். அதையும் இங்கேயே சொல்லி வைக்கிறோம்.

82,000 ரூபாய் பற்றியும் சொல்ல வேண்டும். 41 மாதம் கட்டிய பணம் அது. கருணை அடிப்படையில் திருப்பித் தருவதாக எழுதி, கடைசித் தாளாக ஒரு பற்றுச்சீட்டை இணைத்திருந்தார்கள். அதில் "முழுமையானதும் இறுதியானதுமான தீர்வாக ஏற்றுக்கொள்கிறேன்" என்ற பொருளில் ஒரு வரி. அந்த வரிக்குக் கீழ் கையெழுத்து விழுந்தால், பிறகு 600,000 ரூபாய் கேட்கப் போகும்போது முதலில் எடுத்துக் காட்டப்படுவது அந்தத் தாள்தான். கையில் காசில்லாத வீட்டுக்கு 82,000 ரூபாய் பெரிய காசு என்பது எமக்குத் தெரியாததல்ல. ஆனாலும் மேன்முறையீட்டுக்குப் பதில் வரும் வரை அதில் கைவைக்க வேண்டாம் என்றோம்.

கடிதத்தின் மேலே "உரிமைகளுக்குப் பாதகமின்றி" என்று தடித்த எழுத்தில் இருந்ததைப் பார்த்து, ஏதோ வழக்குப் போடப்போகிறார்கள் என்று வீட்டில் பயந்திருந்தார்கள். கம்பனி தன் பக்கத்து உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை என்பதற்காகப் போடும் வழக்கமான வாசகம் அது. பயப்பட ஒன்றுமில்லை.

திகதிதான் பயப்பட வேண்டியது. 60 நாட்களுக்குள் மீள்பரிசீலனை கேட்கலாம் என்று கடைசிப் பந்தியில் இருந்தது. கடிதத்தின் திகதி பெப்ரவரி 3. அது தோட்ட ஆபீசுக்கு வந்து, அங்கே மேசையில் கிடந்து, அக்காவின் கைக்கு வந்தபோது பெப்ரவரி 24. மிச்சம் 39 நாள். தாமதத்தைக் காட்ட வேண்டி வந்தால் உதவும் என்பதால், தபால் முத்திரை விழுந்த உறையையும் பத்திரப்படுத்தினோம்.

மேன்முறையீட்டை ஒரு பக்கத்துக்குள் எழுதினோம். எமது கிளைகளில் ஒரு பழக்கம் உண்டு. இப்படியான கடிதங்களில் விதவையின் கஷ்டம், பிள்ளைகளின் படிப்பு என்று மூன்று பக்கம் எழுதுவோம். நாமும் எழுதியிருக்கிறோம். அதற்குக் கம்பனி அனுதாபம் தெரிவித்துப் பதில் அனுப்பும், அவ்வளவுதான். இம்முறை அட்டையில் உள்ள வரி யார் சொன்னது, கிளினிக் கொப்பி என்ன சொல்கிறது, இரண்டு வருட நிபந்தனை என்ன சொல்கிறது என்ற மூன்றை மட்டும் எழுதி, முன்மொழிவுப் படிவத்தின் பிரதியையும் கேட்டு, மார்ச் 10ஆம் திகதி பதிவுத் தபாலில் அனுப்பினோம். கொப்பியின் நிழற்பிரதிதான் போனது. மூலப்பிரதி வீட்டில் இருக்கிறது.

மரணச் செலவு 50,000 ரூபாய் மே மாதம் வங்கிக்கு வந்தது. ஆயுள் தொகையில் கம்பனி தன் முடிவை மாற்றவில்லை. அந்தப் பதில் அரைப் பக்கம்தான். கிளினிக் கொப்பியைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. ஆகவே இப்போது கோவை காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் போயிருக்கிறது. அங்கே முறையிடக் கட்டணம் இல்லை, சட்டத்தரணி தேவையில்லை. ஆனால் முதலில் கம்பனியிடம் கேட்டு அதன் பதிலை வைத்திருக்க வேண்டும், வழக்கும் போட்டிருக்கக் கூடாது. கம்பனிகளை மேற்பார்வை செய்யும் இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கும் எழுதலாம்.

ஆணைக்குழுவிடம் எமது சங்கம் வைக்க வேண்டிய கோரிக்கை ஒன்று உண்டு. மறுப்புக் கடிதம் எத்தனை பக்கமாகவும் இருக்கட்டும். அதன் முதல் பக்கத்தில், காப்புறுதி எடுத்தவரின் மொழியில், எந்தப் பணம் மறுக்கப்பட்டது, எந்த ஆதாரத்தில், எது இன்னும் முடிவாகவில்லை, எந்தத் திகதிக்குள் யாரிடம் கேட்கலாம் என்று அரைப் பக்கம் இருக்க வேண்டும். நாம் கொப்பித் தாளில் எழுதியதற்கு முக்கால் மணித்தியாலம் எடுத்தது. கடிதத்தை எழுதியவருக்கு ஐந்து நிமிடம் போதும். அடுத்த மாவட்டக் கூட்டத்தில் இதைப் பிரேரணையாகக் கொண்டுவருகிறோம். வீட்டுப் பெட்டகத்தில் இப்படியான கடிதம் வைத்திருப்பவர்கள் பத்திரத்தையும் உறையையும் சேர்த்துக் கிளைத் தலைவரிடம் கொண்டு வாருங்கள். கடைசித் தாளில் கையெழுத்து வைக்காமல்.