‘அநாகரிகம்’ என்ற சொல்லுக்கு முன்னாடியே தடம் மாறிய பேச்சு: மார்ச் 10 மக்களவையில் யார் யாருக்கு பதில் சொன்னார்கள்?

2025 மார்ச் 10, திங்கட்கிழமை. மக்களவையில் கேள்வி நேரம். தென்சென்னை எம்.பி. தமிழச்சி தங்கபாண்டியன் பிஎம் ஸ்ரீ பள்ளித் திட்டம் குறித்து ஒரு துணைக்கேள்வி கேட்டார். மத்திய கல்வி அமைச்சர் தர்மேந்திர பிரதான் பதில் சொன்னார். சற்று நேரத்தில் திமுக உறுப்பினர்கள் அவையின் மையப்பகுதிக்குப் போய்விட்டார்கள், அவை 12 மணி வரை ஒத்திவைக்கப்பட்டது. அன்று மாலை எல்லா செய்தியிலும் ஓடியது ஒரே சொல்தான்: ‘அநாகரிகமானவர்கள்’.

சண்டை அந்தச் சொல்லில்தான் ஆரம்பித்தது என்று பலரும் நினைக்கிறோம். ஆனால் அன்றைய பேச்சையும், அதற்கு முன்பு ஒரு மாதம் நடந்த கடிதப் போக்குவரத்தையும் வரிசையாக வைத்து, யார் யாருக்கு பதில் சொன்னார்கள் என்று கோடு போட்டுப் பார்த்தால் வேறு ஒன்று தெரிகிறது. பேச்சு தடம் மாறியது கொஞ்சம் முன்னாடியே.

பணம் யாருடையது?

இந்தப் பேச்சுக்கு அடியில் இருப்பது சமக்ர சிக்‌ஷா நிதி. அரசுப் பள்ளிகளில் பணியாற்றும் ஊழியர்கள் பலரின் சம்பளம், சிறப்புக் குழந்தைகளுக்கான உதவி, தனியார் பள்ளிகளில் கல்வி உரிமைச் சட்டப்படி 25% இடங்களில் சேரும் குழந்தைகளுக்கான கட்டணம் எல்லாம் இதிலிருந்துதான் வர வேண்டும். பிஎம் ஸ்ரீ ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்து போடவில்லை. அதில் தேசிய கல்விக் கொள்கையை முழுமையாக ஏற்க வேண்டும் என்ற நிபந்தனை இருப்பதுதான் காரணம் என்றது மாநில அரசு. நிதி நின்றது. மாநில அரசு சொன்ன தொகை 2,152 கோடி ரூபாய்.

நிதி வராததால் 2025 மே மாதம் தொடங்கியிருக்க வேண்டிய 25% இட ஒதுக்கீட்டுச் சேர்க்கை தொடங்கவில்லை. தாம்பரம், சேலையூர், மேடவாக்கம் பக்கம் அந்த இடத்துக்காகக் காத்திருந்த வீடுகளுக்கு டெல்லியில் நடந்த வாக்குவாதம் வெறும் அரசியல் கிடையாது.

கடிதம் ஒருவருக்கு, பதில் இன்னொருவரிடமிருந்து

பிப்ரவரி 15 அன்று, காசி தமிழ்ச் சங்கமம் தொடங்கிய நாளில், வாரணாசியில் செய்தியாளர்களிடம் பேசிய பிரதான், தமிழ்நாடு அரசியலமைப்புச் சட்டத்துக்கு உட்பட்டு நடக்க வேண்டும், மும்மொழிக் கொள்கையை ஏற்க வேண்டும் என்ற பொருளில் சொன்னார். அவர் பேசியது செய்தியாளர்களிடம். பதில் வந்தது முதல்வர் ஸ்டாலினிடமிருந்து. அரசியலமைப்பின் எந்தப் பிரிவு மும்மொழிக் கொள்கையைக் கட்டாயமாக்குகிறது என்று கேட்ட அவர், இது மிரட்டல் என்றும் சொன்னார்.

இதைக் கவனியுங்கள். கேள்வி ஒன்று, குற்றச்சாட்டு ஒன்று, இரண்டும் ஒரே பதிலில். எதிரில் இருப்பவருக்கு இப்போது இரண்டு வழி: கேள்வியைப் பிடித்துக்கொள்ளலாம், இல்லையென்றால் ‘மிரட்டல்’ என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளலாம்.

பிப்ரவரி 20 அன்று ஸ்டாலின் பிரதமர் மோடிக்குக் கடிதம் எழுதி, நிதியை விடுவிக்கக் கேட்டார். மறுநாளே பதில் வந்தது. எழுதியவர் பிரதான், முகவரி ஸ்டாலினுக்கு. எந்த மொழியும் யார் மீதும் திணிக்கப்படவில்லை என்று கடிதத்தில் விளக்கம் இருந்தது. கூடவே, தமிழ்நாடு குறுகிய பார்வையோடு கல்விக் கொள்கையைப் பார்க்கிறது, அரசியலுக்காக மிரட்டல்களைப் பயன்படுத்துகிறது என்ற குற்றச்சாட்டும் இருந்தது.

துறை அமைச்சர் பதில் எழுதுவது நிர்வாக வழக்கம்தான், தப்பில்லை. ஆனால் இரண்டு விஷயம் நடந்துவிட்டது. ஸ்டாலின் மேல்முறையீடு மாதிரி எழுதிய கடிதம், யார் மீது புகாரோ அவரிடமே திரும்பி வந்தது. இன்னொன்று, சில நாளைக்கு முன்னாடி சென்னையிலிருந்து போன ‘மிரட்டல்’ என்ற சொல் டெல்லியிலிருந்து திரும்பி வந்தது. இருவரும் ஒருவரை ஒருவர் அதே சொல்லால் குற்றம் சாட்டுகிறார்கள். பேச்சு சூடாகிறது என்பதற்கு இதுதான் முதல் தடயம். ஆனாலும் இன்னும் பேச்சு மொழி, கொள்கை, நிதி பற்றியே இருந்தது.

மார்ச் 10: கேள்வியும் பதிலும்

தமிழச்சி தங்கபாண்டியன் கேட்டதில் இரண்டு பகுதி. தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய 2,000 கோடிக்கு மேற்பட்ட நிதி வேறு மாநிலங்களுக்குப் போய்விட்டதே என்பது ஒன்று. தேசிய கல்விக் கொள்கையை எதிர்க்கும் மாநிலங்கள் பழிவாங்கப்படாது என்று உறுதி தர முடியுமா என்பது இன்னொன்று.

பிரதானின் பதிலில் ஒரு பகுதி நேரடியான பதில்தான். தமிழ்நாடு முதலில் ஒப்பந்தத்துக்கு சம்மதித்தது, பிறகு நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டது, பாஜக ஆளாத கர்நாடகமும் இமாச்சலமும் ஏற்றிருக்கின்றன என்றார். ஒத்துக்கொள்கிறோமோ இல்லையோ, இது கேள்விக்குச் சொன்ன பதில். சரிபார்க்கவும் முடியும்.

அதே பதிலில் இன்னொரு வகை வாக்கியங்களும் வந்தன. அவர்கள் நேர்மையற்றவர்கள், மாணவர்கள் மீது அக்கறை இல்லாதவர்கள், மொழிச் சண்டை மூட்டுவதே அவர்கள் வேலை என்று போய், கடைசியாக ஜனநாயகமற்றவர்கள், அநாகரிகமானவர்கள் என்று முடிந்தது.

திருப்பம் இருப்பது ‘நேர்மையற்றவர்கள்’ என்ற இடத்தில். அதுவரை பேசியது ஒரு அரசு என்ன செய்தது என்பதைப் பற்றி. அங்கிருந்து பேசியது அவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பதைப் பற்றி. செய்ததற்கு ஆவணம் காட்டி மறுக்கலாம். ‘நீ இப்படிப்பட்டவன்’ என்பதற்கு என்ன ஆவணம் காட்டுவது? கோபப்பட மட்டும்தான் முடியும். ‘அநாகரிகம்’ அதே சரிவில் கடைசிப் படி.

யார் அந்த ‘அவர்கள்’?

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இந்த இடம் சுவாரஸ்யமா இருக்கும். ‘அவர்கள்’ என்பது படர்க்கைப் பன்மை. அந்தக் கூட்டத்துக்குள் யார் யார் என்று அந்தச் சொல் சொல்வதில்லை, கேட்பவர்தான் நிரப்பிக்கொள்ள வேண்டும்.

பிற்பகல் 12 மணிக்கு அவை மீண்டும் கூடியதும் எழுந்தவர், முதலில் கேள்வி கேட்ட தமிழச்சி அல்ல, கனிமொழி. தமிழ்நாட்டு அரசையும், எம்.பி.க்களையும், மக்களையும் அமைச்சர் அநாகரிகமானவர்கள் என்று சொன்னது வேதனை தருகிறது என்றார். ‘அவர்கள்’ என்பதை அவர் மூன்று தரப்பாக நிரப்பினார். பிரதான் கனிமொழியை சகோதரி என்று அழைத்தே பதில் சொன்னார். எம்.பி.க்கள், அரசு, மக்கள் மூன்றையும் ஒன்றாகக் கலக்காதீர்கள் என்றார். தன் சொல் யாரையாவது புண்படுத்தியிருந்தால் திரும்பப் பெறுகிறேன் என்றும் சொன்னார். அந்தச் சொல் அவைக் குறிப்பிலிருந்து நீக்கப்பட்டது. கனிமொழி உரிமை மீறல் நோட்டீஸும் கொடுத்தார்.

அப்படியானால் காலையில் நடந்த சண்டையின் மையமே, அந்தச் சொல் யாரை நோக்கி வீசப்பட்டது என்பதுதான்.

வேறு ஒரு ஆய்வையும் இங்கே பக்கத்தில் வைக்கலாம். விக்கிப்பீடியா கட்டுரைகளைத் திருத்துபவர்கள் தங்களுக்குள் நடத்தும் விவாதங்களை அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் வேறு சிலரும் சேர்ந்து ஆராய்ந்து 2018-ல் வெளியிட்டார்கள். பின்னால் சண்டையில் முடிந்த விவாதங்களின் தொடக்கத்திலேயே ‘நீ’ என்று ஆரம்பிக்கும் வாக்கியங்களும், நேருக்கு நேர் கேட்கும் கேள்விகளும் அதிகம் இருந்தன. நன்றி சொல்லி, கொஞ்சம் தயங்கிப் பேசிய விவாதங்கள் பெரும்பாலும் தடம் மாறவில்லை.

அந்த அளவுகோலை மக்களவைக்கு அப்படியே எடுத்துப்போக முடியாது. அங்கே உறுப்பினர்கள் சபாநாயகரைப் பார்த்துத்தான் பேச வேண்டும், எதிரே இருப்பவரை ‘நீங்கள்’ என்று கூப்பிடக் கூடாது என்பது விதி. அதனால் ‘நீங்கள்’ செய்ய வேண்டிய வேலையை அங்கே ‘அவர்கள்’ செய்கிறது. அவைக்கு வெளியே அந்தக் கட்டுப்பாடு இல்லை. அன்றே எக்ஸ் தளத்தில் ஸ்டாலின் போட்ட பதிவில், மன்னர் என்று நினைத்துக்கொண்டு ஆணவத்தோடு பேசும் அமைச்சருக்கு நாவடக்கம் வேண்டும் என்றார். தொடர்ந்து ‘நீங்கள்’ என்று நேராகக் கேட்டு, இதைப் பிரதமர் ஏற்றுக்கொள்கிறாரா என்றும் முடித்தார். பிப்ரவரி 20 கடிதத்தைப் போலவே பேச்சை மறுபடியும் பிரதமரை நோக்கித் திருப்பும் முயற்சி அது.

‘ஆணவம்’ என்பதும் செயலைப் பற்றிய சொல் இல்லை, ஆளைப் பற்றிய சொல்தான். ‘நேர்மையற்றவர்கள்’ எந்த வகையோ, இதுவும் அதே வகை. முதலில் அந்த வகைக்குப் போனது யார் என்பது மட்டும்தான் வித்தியாசம்.

சொல் வாபஸ், குற்றச்சாட்டு?

மறுநாள் பிரதான் ஒரு பழைய கடிதத்தை வெளியிட்டார். 2024 மார்ச் 15 தேதியிட்டது, தமிழ்நாடு அரசின் தலைமைச் செயலாளர் எழுதியது. பிஎம் ஸ்ரீ பள்ளிகளை அமைப்பதில் மாநிலம் ஆர்வமாக இருப்பதாக அதில் இருந்தது. திமுக எம்.பி.க்களும் முதல்வரும் எவ்வளவு வேண்டுமானாலும் பொய்களை அடுக்கலாம் என்று கூடவே எழுதினார். முந்தைய நாள் வாபஸ் ஆனது ‘அநாகரிகம்’ மட்டும். ‘நேர்மையற்றவர்கள்’ என்ற குற்றச்சாட்டு வேறு சொல்லில் மறுநாளே திரும்பி வந்துவிட்டது. திருப்பம் எந்தச் சொல்லில் இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

கடிதத்துக்கு மாநில பள்ளிக்கல்வித் துறை அமைச்சர் அன்பில் மகேஸ் பதில் சொன்னார். குழு அமைத்து, அதன் பரிந்துரையின் அடிப்படையில்தான் கையெழுத்து என்று அதே கடிதத்தில் இருக்கிறதே, இது எப்படி சம்மதம் ஆகும் என்றார். கொஞ்ச நேரத்துக்காவது பேச்சு மறுபடி ஆவணத்துக்கு வந்தது.

இந்த மாதிரி கோடு போட்டுப் படிப்பதில் ஒரு சிக்கல் உண்டு, அதைச் சொல்லாமல் விடக் கூடாது. எந்தத் தேதியிலிருந்து எண்ண ஆரம்பிக்கிறோம் என்பதே பாதித் தீர்ப்பு. மார்ச் 10-லிருந்தோ பிப்ரவரி 15-லிருந்தோ எண்ணினால் முதல் கல்லை எறிந்தவர் பிரதான். 2024 மார்ச் 15 கடிதத்திலிருந்து எண்ணினால், சம்மதித்துவிட்டு மாறியது தமிழ்நாடு என்று பாஜக தரப்பு சொல்லும். மார்ச் 11 அன்று பிரதான் அந்தப் பழைய கடிதத்தை எடுத்துப் போட்டதே தொடக்கத் தேதியைப் பின்னால் தள்ளத்தான். ஆனால் யார் முதலில் நிலைப்பாட்டை மாற்றினார் என்பதும், யார் முதலில் ஆளைப் பற்றிப் பேச ஆரம்பித்தார் என்பதும் வேறு வேறு கேள்விகள். முதல் கேள்விக்கு இரண்டு தரப்பு இருக்கலாம். மார்ச் 10 அன்று அவைக்குள் நடந்ததைப் பொறுத்தவரை, இரண்டாவது கேள்விக்கு எனக்கு ஒரே பதில்தான் தெரிகிறது.

தமிழச்சி கேட்ட இரண்டாவது கேள்வி, பழிவாங்கல் இருக்காது என்று உறுதி தர முடியுமா என்பது, இந்தக் கூச்சலில் அப்படியே நின்றுவிட்டது. 2025 மே மாதம் தமிழ்நாடு அரசு அரசியலமைப்பின் 131-வது பிரிவின் கீழ் உச்ச நீதிமன்றம் போனது. வட்டியோடு சேர்த்துக் கேட்ட தொகை 2,291 கோடி ரூபாய். அதோடு பேச்சு மனு, எதிர்மனு என்று மாறியது. சிவில் வழக்குகளில் எதிர்த்தரப்பு பத்தி பத்தியாகப் பதில் சொல்ல வேண்டும். ஒரு தகவலைக் குறிப்பிட்டு மறுக்காமல் விட்டால், ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ள நீதிமன்றத்துக்கு இடம் உண்டு.