திட்டும்போது சிரிக்கிற பிள்ளை

நாத்தனார் வீட்டுப் புதுமனை புகுவிழாவில் இரண்டாம் பந்தி. என் பக்கத்தில் என் மகன், ஏழாம் வகுப்பு. எதிர் வரிசையில் இருந்த சின்ன மாமனார் வாஞ்சையாகத்தான் கேட்டார்: “என்னப்பா, காலாண்டுல கணக்கு எவ்வளவு?” அவன் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். “அதை ஏன் கேக்குறீங்க மாமா, முப்பத்தொண்ணு. வெளியில தலைகாட்ட முடியல.” அவன் கண் முதலில் இலைக்குப் போனது. உதட்டை இறுக்கிக்கொண்டான். அப்புறம் ஓரமாக ஒரு கோணல் சிரிப்பு. முகம் பக்கவாட்டில் திரும்பியது. இடது கை பிடரியைத் தடவியது. “பாருங்க, சிரிக்கிறான்! கொஞ்சமாவது வெட்கம் இருக்கா?” என்றேன். பந்தியே சிரித்தது. அவன் அதற்குப் பிறகு பாயசத்தைத் தொடவில்லை.

“திட்டும்போது சிரிக்கிறான்.” பள்ளி வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும்போது நாம் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் புகார்களில் இதுதான் முதலாவது. அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் நமக்கு இன்னும் இரண்டு மடங்கு கோபம் வருகிறது. அடி கூட அந்தச் சிரிப்புக்காகத்தான் விழுகிறது. அது என்ன சிரிப்பு என்று நம்மில் யாராவது ஒரு நாளாவது நிதானமாகப் பார்த்திருக்கிறோமா?

பார்த்தவர் ஒருவர் உண்டு. டாக்கர் கெல்ட்னர் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர். ஆட்களை உட்காரவைத்து, இந்தப் புருவத்தைத் தூக்கு, அந்த உதட்டைச் சுருக்கு என்று ஒவ்வொரு தசையாகச் சொல்லி, விநோதமான ஒரு முகத்தைப் பிடித்துவைக்கச் செய்தார். போதும், விட்டுவிடலாம் என்று சொன்ன அடுத்த நொடியில் சங்கடப்பட்ட அவர்கள் முகத்தில் என்ன நடக்கிறது என்பதைப் பதிவுசெய்து, மெதுவாக ஓட்டிப் பார்த்தார். 1995இல் அவர் வெளியிட்ட கட்டுரையில் இருக்கும் வரிசை இது: கண் கீழே போகிறது, சிரிப்பை அடக்க உதடு இறுகுகிறது, அதையும் மீறிச் சிரிப்பு வருகிறது, தலை குனிந்து திரும்புகிறது, சில சமயம் கை முகத்துக்குப் போகிறது. எல்லாம் சேர்த்து ஐந்து விநாடி அளவுதான். படித்தபோது எனக்கு அந்தப் பந்தியின் இலைதான் கண்முன் வந்தது.

அதாவது, ‘வெட்கம் இருக்கா’ என்று நான் கேட்ட அந்த நொடியில் என் மகன் முகத்தில் வெட்கத்தைத் தவிர வேறொன்றுமே இல்லை. வேடிக்கைச் சிரிப்புக்கும் இதற்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது அப்படியொன்றும் கஷ்டமில்லை. வேடிக்கையில் சிரிப்பு தாராளமாக விரியும், அதை அடக்கும் அவசரம் உதட்டில் இருக்காது. வெட்கத்தில் கண் முந்திக்கொண்டு தாழும், சிரிப்பு திருட்டுத்தனமாகப் பின்னால் வரும். நம் நிறத்தில் கன்னம் சிவப்பது அவ்வளவாகத் தெரியாது. பிள்ளையின் காதைத் தொட்டுப் பார்த்தால் சுடும். நமக்கென்று இன்னொரு அடையாளமும் இருக்கிறது: நாக்கைக் கடித்துக்கொள்வது. கெல்ட்னரும் ஜோனத்தன் ஹைட் என்பவரும் இந்தியாவில் ஆய்வுக்கு வந்தது ஒடிசாவுக்கு. அவர்கள் காட்டிய முகப் படங்களில் நாக்கைக் கடித்த முகமும் ஒன்று. அதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

சரி, வெட்கம் எதற்காக வெளியே தெரிய வேண்டும்? உள்ளேயே வைத்துக்கொண்டால் என்ன?

ஒரு கடையில் அடுக்கிவைத்திருக்கும் காகிதச் சுருள் கோபுரத்தில் ஒருவர் இடித்துவிடுகிறார், மொத்தமும் சரிகிறது. இப்படி ஒரு படம் எடுத்து 1982இல் செமின், மான்ஸ்டெட் என்ற இருவர் ஆட்களுக்குக் காட்டினார்கள். ஒரு படத்தில் இடித்தவர் சங்கடப்படுகிறார், இன்னொன்றில் எதுவுமே நடக்காததுபோல நிற்கிறார். பார்த்தவர்களுக்குப் பிடித்துப்போனது சங்கடப்பட்டவரைத்தான். அந்த முகம் வார்த்தையில்லாத ஒரு மன்னிப்பு. ‘இது தப்பு என்று எனக்கும் தெரியும், உங்கள் வழக்கத்தை நானும் மதிக்கிறேன், என்னை விலக்கிவிடாதீர்கள்’ என்று கூட்டத்துக்குச் சொல்லும் செய்தி. அதனால்தான் பார்ப்பவர் மனம் இளகுகிறது. மளிகைக் கடையில் முன்பின் தெரியாத ஒருவர் பாட்டிலைத் தட்டிவிட்டு நாக்கைக் கடித்தால், “பரவாயில்லைங்க, விடுங்க” என்று குனிந்து பொறுக்கிக் கொடுக்கிறோம். நம் பிள்ளை வீட்டில் அதையே செய்தால் நாம் என்ன சொல்கிறோம்?

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அந்த விழா முடிந்து ஆறு வாரம் இருக்கும். மெத்தை உறை மாற்றும்போது மெத்தைக்கும் கட்டிலுக்கும் நடுவில் எட்டாக மடித்த ஒரு விடைத்தாள் கிடைத்தது. கணக்கு, மாதத் தேர்வு, இருபத்தெட்டு. கீழே பெற்றோர் கையொப்பம் இருக்க வேண்டிய இடத்தில் என் கையெழுத்து. நான் போடாத கையெழுத்து.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. ‘திருட்டுத்தனம் எங்கே கத்துக்கிட்டான்’ என்பதுதான் முதலில் வந்த கேள்வி. யோசித்துப் பார்த்தால், அதைக் கற்றுக்கொடுத்தது யார்?

1993இல் கேரன் பாரெட்டும் அவருடன் இருந்தவர்களும் இரண்டு வயதுப் பிள்ளைகளை வைத்து ஒரு காரியம் செய்தார்கள். ‘இது எனக்கு ரொம்பப் பிடித்த பொம்மை, பார்த்துக்கொள்’ என்று ஒரு துணிப் பொம்மையைக் கொடுத்துவிட்டு, ஆய்வு நடத்தும் பெண் விலகிவிடுவார். பொம்மையின் கால், விளையாடும்போது கழன்று விழுகிற மாதிரி முன்கூட்டியே செய்துவைத்தது. பிள்ளை, தான்தான் உடைத்துவிட்டோம் என்று நினைக்கும். அந்தப் பெண் திரும்பி வரும்போது பிள்ளைகள் இரண்டு விதமாகப் பிரிந்தார்கள். சில பிள்ளைகள் உடனே காலை ஒட்டவைக்கப் பார்த்தார்கள், உடைந்துபோச்சு என்று தாங்களாகவே போய்ச் சொன்னார்கள். சில பிள்ளைகள் அவர் முகத்தைப் பார்க்காமல் ஒதுங்கினார்கள், சொல்லவும் தாமதித்தார்கள், சரிசெய்யவும் தாமதித்தார்கள்.

உளவியலில் இந்த இரண்டுக்கும் இரண்டு பெயர் வைத்திருக்கிறார்கள். ‘நான் செய்தது தப்பு’ என்பது குற்றவுணர்வு. ‘நானே தப்பு’ என்பது அவமானம். செய்தது தப்பென்றால் சரிசெய்ய ஒரு வேலை இருக்கிறது, ஆகவே கால் முன்னே போகும். நானே தப்பென்றால் சரிசெய்ய என்ன இருக்கிறது? ஒளிந்துகொள்ளத்தான் முடியும். அல்லது கத்தலாம். ஜூன் டாங்னி என்பவர் பல ஆண்டுகள் இதைத்தான் ஆராய்ந்தார். சட்டென்று அவமானத்தில் விழும் சுபாவம் உள்ளவர்கள்தான் அதிகம் கோபப்படுகிறார்கள், பழியை அடுத்தவர்மேல் தள்ளுகிறார்கள் என்று அவருடைய ஆய்வுகள் காட்டின. ‘டீச்சர் சரியில்ல, பக்கத்துல இருந்தவன் பேசினான்’ என்று பிள்ளைகள் அடுக்குவதைத் திமிர் என்று நினைக்கிறோம். பாதி நேரம் அது தப்பிக்க வழி தேடுவது.

எல்லாப் பிள்ளையும் நம் பேச்சால்தான் ஒளிகிறது என்று நான் சொல்ல வரவில்லை. இரண்டு வயதிலேயே ஆளுக்கு ஒரு சுபாவம் தெரிந்துவிடுகிறது. ஆனால் என் வாயிலிருந்து வந்ததை எண்ணிப் பார்த்தேன். ‘மானத்தை வாங்கிட்டே’, ‘உன்னைப் பெத்ததுக்கு’, ‘நீ உருப்படவே மாட்டே’. ஒன்றிலாவது கணக்கு இருக்கிறதா? எந்தக் கணக்கில் எந்த வரியில் தப்பியது என்ற பேச்சு இருக்கிறதா? எல்லாமே அவனைப் பற்றித்தான். அதையும் பந்தியில், நாலு பேர் முன்னால். முகத்தாலேயே மன்னிப்புக் கேட்டுவிட்டவனை மறுபடி கூட்டத்தில் நிறுத்தினால், அடுத்த முறை முகத்தைக் காட்ட அவன் என்ன பைத்தியமா? மெத்தைக்கு அடியில்தான் காட்டுவான்.

இன்னொன்று. ராத்திரி எட்டரை மணி, சாப்பாட்டு மேசை, அவன் நோட்டுப் புத்தகம், என் கையில் பென்சில். “இது ஈஸிடா. இது கூடத் தெரியலையா?” தைரியம் கொடுப்பதாக நினைத்துத்தான் ‘ஈஸி’ என்கிறேன். நீங்களும் அப்படித்தானே?

மைக்கேல் லூயிஸும் அவருடன் இருந்தவர்களும் 1992இல் மூன்று வயதுப் பிள்ளைகளுக்குச் சுலபமான வேலைகளையும் கடினமான வேலைகளையும் கொடுத்துப் பார்த்தார்கள். கடினமானதைச் செய்து முடித்தபோது பெருமிதம் அதிகம் தெரிந்தது. சுலபமானதில் தோற்றபோது அவமானம் அதிகம் தெரிந்தது. அப்படியானால் ‘ஈஸி’ என்ற என் ஒரு சொல் என்ன செய்கிறது? போட்டுவிட்டால் பெருமைப்பட ஒன்றுமில்லை, ஈஸிதானே. போட முடியாவிட்டால் வெட்கம் இரண்டு பங்கு. ‘இது கொஞ்சம் கஷ்டமான கணக்குதான்’ என்று சொல்லியிருந்தால் இரண்டு பக்கமும் அவனுக்கு இடம் இருந்திருக்கும்.

பெருமை என்றாலே நமக்குக் கொஞ்சம் பயம். தலைக்கனம் வந்துவிடும், கண் பட்டுவிடும். பிள்ளையை நிமிரவிடாமல் வைத்துவிட்டு, அவன் வாங்கிய கோப்பையை நாம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்துக்கொள்வோம். பெருமை நமக்கு, பணிவு அவனுக்கு. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கிலும் பாராலிம்பிக்கிலும் ஜூடோ வீரர்கள் வென்றதும் உடம்பு என்ன செய்கிறது என்று ஜெசிகா டிரேசியும் டேவிட் மாட்சுமோட்டோவும் பார்த்தார்கள். கை உயர்கிறது, மார்பு விரிகிறது, தலை பின்னால் சாய்கிறது. பிறவியிலேயே பார்வையில்லாத வீரர்களும் அப்படியே செய்தார்கள், யாரையும் பார்த்துக் கற்றுக்கொள்ள வழியில்லாதவர்கள். ‘நான் இதைச் செய்து முடித்தேன், என்னை நம்பலாம்’ என்று கூட்டத்துக்குச் சொல்ல உடம்பே ஒரு வழி வைத்திருக்கிறது. நாம் அதை மடக்கி உட்காரவைக்கிறோம்.

அந்த விடைத்தாளுக்கு வருகிறேன். அன்று மாலை அதை நீவி மேசையில் வைத்தேன். வந்தவன் பார்த்தான், நின்றுவிட்டான். என் வாயில் வந்ததையெல்லாம் விழுங்கினேன் என்று சொன்னால் நம்புங்கள், அது எனக்குக் கஷ்டமான வேலைதான். “எந்தக் கணக்குலருந்து விட்டுப்போச்சு?” என்று மட்டும் கேட்டேன். வெகுநேரம் பதிலில்லை. அப்புறம் கையை வைத்துக் காட்டினான்: ஐந்திலிருந்து மைனஸ் மூன்றைக் கழிக்க வேண்டிய இடம். அங்கே இரண்டு என்று எழுதியிருந்தான். அதற்குப் பின்னால் வந்த ஏழு கணக்கும் அதே தப்பு. இரண்டு பேரும் உட்கார்ந்து முதல் மூன்றைத் திருத்தினோம். பொய்க் கையெழுத்துக்கு, நாளைக்கு வகுப்பு ஆசிரியரிடம் அவனே போய்ச் சொல்வது என்று முடிவானது. அதற்கு அவன் முகம் செத்துப்போனது. ஆனாலும் சரி என்றான்.

பொய்க் கையெழுத்துக்குப் பக்கத்தில் நிஜத்தைப் போட்டேன். அவன் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தான்.

“அம்மா, உன் கையெழுத்துல அந்தக் கடைசிச் சுழி ரொம்பக் கஷ்டம்மா. நாலு பேப்பர் எழுதிப் பழகினேன்.”

சொல்லும்போது தோள் லேசாக நிமிர்ந்தது. என்ன சொன்னோம் என்று உறைத்ததும் நாக்கைக் கடித்தான், கண் தரைக்குப் போனது. நான் உதட்டை இறுக்கிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.