குறைத்துச் செலுத்துவது திருத்தம் ஆகாது

விற்பனைப் பட்டியல் அனுப்பப்பட்டு, கணக்கிலும் பதிவான பின்னர், அதில் குறித்த விலை தவறு எனத் தெரியவருவதுண்டு. அப்போது நம் வணிகர் பலர் கையாளும் வழி மிக எளியது. வாங்கியவர் சரியான தொகையை மட்டும் செலுத்துகிறார். விற்றவரும் மறுப்பின்றிப் பெற்றுக்கொள்கிறார். விவகாரம் தீர்ந்ததென இருவரும் கருதுகின்றனர். உண்மையில் அது தீரவில்லை.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். லூதியானாவிலுள்ள ஒரு நிறுவனம், புனேயிலுள்ள வாடிக்கையாளருக்கு 2025 ஆகஸ்டில் 500 பெட்டி போல்ட்டுகளை அனுப்புகிறது. ஒப்புக்கொண்ட விலை பெட்டிக்கு 430 ரூபாய். பட்டியலிலோ 460 ரூபாய் என விழுந்துவிட்டது. 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்துப் பட்டியல் தொகை 2,71,400 ரூபாய். வரவேண்டியது 2,53,700 ரூபாய். வேறுபாடான 17,700 ரூபாயில் 15,000 ரூபாய் விலை. 2,700 ரூபாய் வரி.

வாங்கியவர் 2,53,700 ரூபாயை மட்டும் செலுத்தினால் என்ன நேர்கிறது? விற்றவர் 41,400 ரூபாய் வரி காட்டிவிட்டார். செலுத்தத்தக்கதோ 38,700 ரூபாய். வாங்கியவரோ 41,400 ரூபாய் முழுவதையும் உள்ளீட்டு வரி வரவாக எடுத்திருப்பார். ஒருவர் 2,700 ரூபாயை இழக்க, மற்றவர் அதே 2,700 ரூபாயைத் தகுதியின்றி வைத்திருக்கிறார். பின்னாளில் தணிக்கையில் அது வட்டியுடன் கேட்கப்படலாம்.

இதனைச் சீராக்கும் ஆவணமே கிரெடிட் நோட் எனப்படும் வரவுக் குறிப்பு. மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 34ஆம் பிரிவு இதற்கு வழி செய்கிறது. பழைய பட்டியலை அழிக்கவோ திருத்தவோ வேண்டியதில்லை. அதன் எண்ணையும் தேதியையும் சுட்டி, விலை 15,000, வரி 2,700 எனக் குறிப்பை வழங்கி, வழங்கிய மாதத்தின் ஜிஎஸ்டி விவரத்தாளில் காட்டினால் போதும். விற்பனைக் கணக்கும் வரிக் கணக்கும் அந்தந்த அளவு குறையும். வாடிக்கையாளரின் நிலுவையும் 17,700 ரூபாய் குறையும்.

இதற்குக் காலவரம்பு உண்டு. சரக்கு விற்கப்பட்ட நிதியாண்டு முடிந்தபின் வரும் நவம்பர் 30, அல்லது ஆண்டு விவரத்தாளைத் தாக்கல் செய்த நாள், இவற்றுள் எது முந்தியதோ அதற்குள் குறிப்பை அறிவித்தாக வேண்டும். நமது எடுத்துக்காட்டில் இறுதி எல்லை 2026 நவம்பர் 30. அது கடந்தால் விலையைக் குறைக்கலாம். செலுத்திய 2,700 ரூபாய் வரியைக் குறைத்துக்கொள்ள இயலாது.

குறிப்பை வழங்குவதோடு விற்றவரின் வேலை முடிந்துவிடுவதுமில்லை. வாங்கியவர் தாம் எடுத்த 2,700 ரூபாய் வரவைத் திருப்பினால்தான் விற்றவரின் வரிச்சுமை குறையும் என்பதை 2025ஆம் ஆண்டு நிதிச் சட்டம் தெளிவாக்கியுள்ளது. ஜிஎஸ்டி தளத்தில் தமக்கு வந்த குறிப்பை வாங்கியவர் ஏற்கலாம், நிராகரிக்கவும் செய்யலாம். நிராகரித்தால் அத்தொகை விற்றவரின் வரிப் பொறுப்பில் மீண்டும் சேரும். தமது வரி நிவாரணத்துக்கு மற்றவரின் கையை எதிர்நோக்குவது சிறு விற்பனையாளருக்குக் கடினமே. எனினும் வரவு ஒரு பக்கமும் கழிவு மறுபக்கமும் சமமாக நிற்க வேறு வழியில்லை. ஆகவே குறிப்பை அனுப்புமுன் விலை வேறுபாட்டை வாங்கியவரிடம் எழுத்தில் ஒப்புக்கொள்ளச் செய்வதே அறிவுடைமை. காரணம் புரியாத குறிப்பே பெரும்பாலும் நிராகரிக்கப்படுகிறது.

வங்கியிடம் கடன் பெறுவோருக்கு இன்னொரு பக்கமும் உண்டு. நடைமுறை மூலதனக் கடனுக்கு வரவேண்டிய நிலுவைகளின் பட்டியலை வணிகர் மாதந்தோறும் வங்கிக்கு அளிக்கின்றனர். அதைக்கொண்டே எவ்வளவு பணம் எடுக்கலாம் என்பது முடிவாகிறது. குறிப்பு வழங்கப்படாத 17,700 ரூபாய் அப்பட்டியலில் சொத்தாகவே நிற்கும். யாரும் அதைச் செலுத்தப்போவதில்லை. இத்தகைய சில்லறை மீதங்கள் பல சேர்ந்தால், இல்லாத சொத்தின் பேரில் கடன் எடுத்ததாகும். நாள்பட்ட நிலுவைகளை வங்கி கழிக்கும்போது எடுக்கத்தக்க வரம்பு திடீரெனச் சுருங்கும். வணிகர் காரணம் புரியாமல் திகைப்பார்.

இதைக் கண்டறிவது கடினமன்று. நிலுவைப் பட்டியலில் ஒரே வாடிக்கையாளரிடம் சிறுசிறு மீதங்கள் மாதக்கணக்கில் அசையாது நிற்கின்றனவா எனப் பாருங்கள். அம்மீதத்தைப் பட்டியலிலுள்ள பொருள்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். 17,700ஐ 500ஆல் வகுத்தால் 35.40 வரும், அது 30 ரூபாயும் அதற்கான 18 சதவீத வரியும். விடை இவ்வாறு ஒரு விலை வேறுபாட்டோடு பொருந்துமாயின், வழங்கப்படாத வரவுக் குறிப்பு ஒன்று அங்கே காத்திருக்கிறது எனலாம்.

வரவுக் குறிப்பு வழங்குவதைத் தமது தவற்றை ஒப்புக்கொள்ளும் இழிவாக எண்ணும் வணிகர் இன்றும் உள்ளனர். அவ்வெண்ணத்தின் விலை, இந்த எடுத்துக்காட்டில் 2,700 ரூபாய். விலை தவறெனத் தெரிந்த மாதத்திலேயே குறிப்பை வழங்கிவிடுவதே தகும்.